காலத்தைத் திருத்தினால் கணக்கும் மாறும்

கல்லடியில் இயங்கும் தொண்டு நிறுவனங்களுக்கு டிசம்பர் மாதம் இரண்டு நெருக்கடிகளைச் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஒன்று மாரி மழை. மற்றது வருடாந்த மதிப்பீடு. வெளிக்கள உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் தாம் அந்த ஆண்டில் செய்த வேலையைத் தாமே எடைபோட்டு முகாமையாளருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். அதை வைத்தே சம்பள ஏற்றமும் அடுத்த ஆண்டு ஒப்பந்தமும் பேசப்படும். அனுப்புவதற்கு முன்னர், தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த ஒரு சக உத்தியோகத்தரிடம் அது போகும். "அக்கா, இதை ஒருக்கா பாருங்க. காலப் பிழையை மட்டும் திருத்துங்க, வேலை விபரத்தில கைவைக்காதீங்க" என்பதே வழக்கமான வேண்டுகோள்.

இந்த வேண்டுகோளில் நேர்மை இருக்கிறது. ஆனால் சொன்னபடியே அதை நிறைவேற்ற முடியாது என்பது என் கருத்து. வினைமுற்றின் காலத்தைத் தொட்டால், பல இடங்களில் வேலை விபரத்தையும் தொட்டாக வேண்டும். இந்த வழக்கத்தின் பலத்தையும் குறையையும் பிரித்துப் பார்த்தால்தான், எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று முடிவு செய்யலாம்.

முதலில் பலம். தன்மதிப்பீடு எழுதியவருக்கே உரியது. மதிப்பீட்டு நாளில் முகாமையாளர் ஒரு வரியைச் சுட்டி "இது எப்படி நடந்தது?" என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இன்னொருவர் மெருகேற்றிய வாக்கியம் அவருடைய வாயில் நிற்காது. இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார். இன்னுமொரு காரணம், திருத்துபவரும் அதே அலுவலகத்தில் அதே சம்பள ஏற்றத்துக்குக் காத்திருப்பவர் என்பது. பிறருடைய சாதனையைக் கூட்டவும் குறைக்கவும் அவருக்கு இடம் கொடுத்தால், நல்ல மனத்தோடு செய்தாலும் சந்தேகம் மிஞ்சும். எண்களைச் சரிபார்க்கும் வருகைப் பதிவேடோ கடன் பேரேடோ அவரிடம் இல்லை. ஆகவே "விபரத்தில் கைவைக்காதே" என்ற எல்லை இருவரையும் காக்கிறது.

இனி, அந்த எல்லை எங்கே உடைகிறது என்று பார்ப்போம். இதற்காக நான் அமைத்த ஓர் எடுத்துக்காட்டு இது. எழுவான்கரையில் அலுவலகம், படுவான்கரையில் வேலை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் பெண்களின் வாழ்வாதாரத் திட்டத்தைப் பார்க்கும் ஓர் உத்தியோகத்தர் நான்கு வாக்கியங்கள் எழுதியிருக்கிறார்:

"இவ்வாண்டு 40 பெண்களுக்குத் தையல் பயிற்சி வழங்குகிறேன். சுழற்சிக் கடனுக்காக 25 பேரிடம் விண்ணப்பம் பெற்று, வீடு வீடாகச் சென்று பார்த்து, கடன் கொடுத்தேன். விற்பனைக் கொட்டில் வேலை முடிக்கப்பட்டுள்ளது. மாதாந்தக் குழுக் கூட்டங்களை நடத்தி வந்தேன்."

உண்மை நிலவரம் வேறு. பயிற்சி செப்டெம்பரில் முடிந்துவிட்டது. 40 பேர் சேர்ந்தார்கள், 36 பேர் கடைசிவரை வந்தார்கள். 25 விண்ணப்பங்களும் வந்தன, 25 வீடுகளையும் அவர் பார்த்தார். ஆனால் 18 பேருக்கே கடன் கொடுத்திருக்கிறார். கொட்டிலின் சுவர் எழும்பிவிட்டது. மழையால் கூரை வேலை நிற்கிறது. குழுக் கூட்டம் இன்றும் தவறாமல் நடக்கிறது.

கடைசி வாக்கியம் எளிதானது. "நடத்தி வந்தேன்" என்றால் இப்போது நடத்தவில்லை என்ற எண்ணம் படிப்பவருக்கு வரும். "நடத்தி வருகிறேன்" என்று மாற்றினால் போதும். இங்கே காலத் திருத்தம் வேலையைச் சிதைக்கவில்லை, அதன் உண்மையான அளவைத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த வழக்கத்தை ஆதரிப்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது இத்தகைய திருத்தத்தைத்தான்.

முதல் வாக்கியத்தில் சிக்கல் தொடங்குகிறது. பயிற்சி முடிந்துவிட்டதால் "வழங்குகிறேன்" பிழை. "வழங்கினேன்" என்பதே சரி. எண்ணைத் தொடவில்லை, 40 அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த எண் சொல்லும் பொருள் மாறிவிட்டது. நிகழ்காலத்தில் 40 என்பது சேர்ந்து படிப்பவர்களின் தொகை. இறந்தகாலத்துக்கு வந்ததும், முகாமையாளர் அதைப் பயிற்சியை முடித்தவர்களின் தொகையாகவே படிப்பார். இடையில் விலகிய 4 பேர் முடித்தவர்களோடு சேர்ந்துவிடுகிறார்கள். எழுதியவர் பொய் சொல்லவில்லை, திருத்தியவரும் பொய் சொல்லவில்லை. இருந்தும் மின்னஞ்சல் முன்பு சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறது.

இரண்டாவது வாக்கியத்தில் இலக்கணப் பிழையே கிடையாது. அதனால்தான் அது ஆபத்தானது. பெற்று, சென்று, பார்த்து என்று வினையெச்சங்கள் தொடர்ந்து வர, எல்லாவற்றுக்கும் காலத்தைத் தீர்மானிப்பது கடைசி வினைமுற்று. "கொடுத்தேன்" என்று முடிந்தால் தொடரிலுள்ள எல்லாப் படிகளும் 25 பேருக்கும் நடந்து முடிந்ததாகிவிடும். "கொடுப்பேன்" என்று மாற்றினாலோ, உண்மையில் நடந்துவிட்ட வீட்டுப் பார்வையிடலும் இனி நடக்கப்போவதாகிவிடும். எந்தக் காலத்தை வைத்தாலும் பாதி பொய்யாகும். தீர்வு தொடரை வெட்டுவதுதான்: முடிந்த படிக்கு ஒரு வாக்கியம், முடியாத படிக்கு வேறொன்று. அப்படி வெட்ட, எத்தனை பேருக்குக் கொடுத்தாயிற்று என்று கேட்டே ஆக வேண்டும். கேட்ட கணத்திலேயே திருத்துபவர் வேலை விபரத்துக்குள் வந்துவிடுகிறார்.

மூன்றாவது வாக்கியம் அலுவலகத் தமிழின் பெரிய பொறி. "முடிக்கப்பட்டுள்ளது" என்பதற்கும் "முடிக்கப்படவுள்ளது" என்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. விசைப்பலகையில் ஒரு சறுக்கல், அல்லது சென்ற ஆண்டு மின்னஞ்சலிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு வரி, கூரையில்லாத கொட்டிலுக்குக் கூரை போட்டுவிடும். இரண்டும் சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளும் பேசாது. வினைமுற்றை மட்டும் பார்ப்பவர் கண்ணில் படாத இன்னொரு இடம் பெயரெச்சம். "பயிற்சி பெற்ற பெண்கள்", "பயிற்சி பெறும் பெண்கள்", "பயிற்சி பெறவுள்ள பெண்கள்" என்ற மூன்றும் வாக்கியத்தின் நடுவில் அமைதியாக நின்று மூன்று வெவ்வேறு கணக்குகளைச் சொல்கின்றன.

இப்படியான சறுக்கல்களைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. காலம் மாறிப் பேசுவது தமிழில் இயல்பான ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாகச் சொல்லப்படலாம். இன்னும் வீட்டைவிட்டு வெளிக்கிடாதவர் தொலைபேசியில் "இந்தா வந்திட்டன்" என்பது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதைக் கண்டு மழை பெய்தது என்று சொல்வதைத் தெளிவுக்கு உதாரணமாகக் காட்டுவது மரபு. வவுணதீவு உத்தியோகத்தரின் "கடன் கொடுத்தேன்" இந்தத் தெளிவின் பிள்ளை. பணம் ஒதுக்கியாயிற்று, பெயர்ப் பட்டியல் ஆயிற்று, ஜனவரியில் கொடுப்பது உறுதி, ஆகவே கொடுத்தாயிற்று. பேச்சில் இது குற்றமில்லை. சம்பளம் தீர்மானிக்கும் ஆவணத்தில் அந்த வழுவமைதிக்கு இடம் கொடுக்க முடியாது.

இந்த ஊரின் பருவமும் இதற்குத் துணைபோகிறது. ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் கணக்காண்டு, வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் நிற்கும்போது முடிகிறது. படுவான்கரை வீதிகளில் வெள்ளம் ஏறினால் கடன் கொடுப்பதும் கூரை வேய்வதும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். ஆகவே மதிப்பீடு எழுதும் வேளையில் ஏறக்குறைய முடிந்த வேலைகள் இங்கே அதிகம். டிசம்பர் முதல் வாரம் எழுதியது ஜனவரி நடுவில்தான் வாசிக்கப்படும் என்பதும் உண்டு. எழுதும் நாளில் உண்மையான "நடைபெறுகிறது", வாசிக்கும் நாளில் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. இதற்குக் காலத்தை மாற்றிப் பயனில்லை. "நவம்பர் 30 வரை" என்று ஒரு திகதியைச் சேர்ப்பதே மருந்து.

சாதனையைத் தொடாமல் விடுவதில் இன்னொரு குறையும் உண்டு. மிகைப்படுத்தல் தங்குவது போலவே, குறைத்துச் சொல்வதும் அப்படியே தங்கிவிடும். கிறிஸ்டின் எக்ஸ்லியும் ஜட் கெஸ்லரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தேர்வை ஒரே அளவில் செய்த ஆண்களையும் பெண்களையும் தங்கள் திறமையை மதிப்பிடச் சொன்னார்கள். பெண்கள் தங்களைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். தங்கள் சரியான புள்ளி தெரிந்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. 18 குடும்பங்களுக்கான கடன் வேலையைத் தனியாகச் செய்த ஒரு பெண் "கடன் வேலையில் உதவினேன்" என்று எழுதினால், காலம் சரி, இலக்கணம் சரி. திருத்துபவர் ஒன்றும் சொல்லாமல் கடந்துபோவார். அந்த ஒரு சொல்லால் அவருடைய ஓராண்டு உழைப்பு துணைவேலையாகப் பதிவாகும். இதைத் திருத்துபவர் தானே மாற்றக் கூடாது. அது எல்லை மீறல். ஆனால் "உதவினீங்களா, நீங்களே செய்தீங்களா?" என்று கேட்க எந்த எல்லையும் தடையில்லை.

ஆகவே நடைமுறை இப்படி இருக்கட்டும். திருத்துபவர் ஒவ்வொரு வினைமுற்றையும் பெயரெச்சத்தையும் அடிக்கோடிட்டு, பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுத வேண்டும்: இது முடிந்ததா? எந்த நாள் வரை? பதில் எழுதியவரிடமிருந்தே, அவருடைய பேரேட்டைப் பார்த்து வர வேண்டும். அதன் பிறகே காலத்தில் கைவைக்கலாம். அப்படிச் செய்தால் அந்த மின்னஞ்சல் இவ்வாறு அமையும்:

"மார்ச் முதல் செப்டெம்பர் வரை 40 பெண்களுக்குத் தையல் பயிற்சி நடத்தினேன்; 36 பேர் முழுமையாக முடித்தனர். சுழற்சிக் கடனுக்கு 25 விண்ணப்பங்களைப் பெற்று, 25 வீடுகளையும் பார்வையிட்டேன். நவம்பர் 30 வரை 18 பேருக்குக் கடன் கொடுத்துள்ளேன். மீதி 7 பேருக்கு ஜனவரியில் கொடுக்கவுள்ளேன். விற்பனைக் கொட்டிலின் சுவர் வேலை முடிந்துள்ளது. மழையால் நின்ற கூரை வேலை பெப்ரவரியில் முடிக்கப்படவுள்ளது. மாதாந்தக் குழுக் கூட்டங்களைத் தவறாமல் நடத்தி வருகிறேன்."

இதில் 36, 18, 7 என்ற எண்கள் புதியவை. கேட்டவர் சொன்ன கட்டளைப்படி பார்த்தால் இது வரம்பு மீறிய திருத்தம். ஆனால் அவர் வவுணதீவில் செய்த வேலையில் ஒன்றுகூடக் கூடவோ குறையவோ இல்லை. முன்னையதைவிட இதைத்தான் அவர் முகாமையாளர் முன்னால் தயங்காமல் நின்று விளக்க முடியும். பயிற்சியை விட்டு விலகிய 4 பேரைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும்.

காலப் பிழை மட்டும் பார்க்கும் வழக்கத்தை நான் முழுவதும் மறுக்கவில்லை. எழுதியவரின் உரிமையை அது மதிக்கிறது, அதை விடக் கூடாது. மாறாமல் காக்க வேண்டியது நடந்த வேலையே. அதைச் சொல்லும் வாக்கியத்துக்கு அந்தக் காவல் தேவையில்லை. காலத்தை வெறும் இலக்கணமாக எண்ணி, கேள்வி கேட்காமல் "-கிறேன்" என்பதை "-னேன்" ஆக்குபவர், தாம் அறியாமலே சாதனையைத் திருத்திவிடுகிறார். இந்த டிசம்பரில் யாராவது உங்களிடம் தன்மதிப்பீட்டைத் திருத்தக் கொடுத்தால், முதல் வினைமுற்றைத் தொடுவதற்கு முன்னர் அவரை அருகில் இருத்தி, அது முடிந்ததா என்று கேளுங்கள்.