வார்டை விட்டுப் போகிறவரின் கடைசி ஒப்படைப்பு

வேலையை விட்டுப் போகிறவர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. எல்லோருக்கும் நன்றி, மறக்க முடியாத நாட்கள், தொடர்பில் இருப்போம். பெயரை மாற்றினால் வங்கிக்கும் பொருந்தும், பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும். பல ஆண்டுகள் ஒரே வார்டில் இருந்துவிட்டு எம்.எஸ்சி. நர்சிங் படிக்கப் போகும் செவிலியர் எழுதும் மடல் அப்படி இருக்க வேண்டியதில்லை. நல்ல கடிதத்துக்கு வேண்டிய ஒழுங்கைத் தினமும் கைக்கொள்ளும் தொழில் அவருடையது. ஷிப்ட் மாறும்போதெல்லாம் கட்டில் கட்டிலாக நின்று அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார்: இவர் யார், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார், எதைக் கவனிக்க வேண்டும், எது பாக்கி. விடைபெறும் மடலும் அந்த ஒப்படைப்பின் கடைசி வடிவம்தான், அதன் அழகு அங்கிருந்தே வருகிறது என்பது என் கட்சி. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய செவிலியப் பணி பற்றிய குறிப்புகளில் அன்றாடச் சின்ன நிர்வாகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நாம் இருக்கும்போது நடக்கிற வேலை நாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்துவைக்காவிட்டால் எவ்வளவு நல்ல கவனிப்பும் கெட்டுப்போகும் என்பது அதன் சாரம். விடைபெறும் மடலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவை எடுத்துக்கொள்வோம். குறைமாதக் குழந்தையை வார்மரில் கிடத்தி, வெப்பத்தை அறியும் சிறு புரோபை வயிற்றின் வலது மேற்பகுதியில் ஒட்டுவார்கள். தோலின் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும்படி வார்மர் தானாகவே சூட்டைக் கூட்டிக் குறைக்கும். புரோப் கழன்றுவிட்டால் அது காற்றின் குளிர்ச்சியை அளக்கும். திரையில் எண் இறங்கும், குழந்தை குளிர்ந்துவிட்டதென்று எண்ணி இயந்திரம் மேலும் சூடேற்றும். புதிதாக வந்தவர் எண்ணைப் பார்த்துக் குழந்தைக்கு இன்னொரு துணி போர்த்தத்தான் நினைப்பார். அனுபவம் உள்ளவர் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பார், அக்குளில் வெப்பமானி வைப்பார். திரை 35 காட்ட, அக்குளில் 37.8 இருந்தால் பழுது எங்கே என்று விளங்கிவிடும். இதை ஒரு செவிலியர் தன் மடலில், ‘எண் இறங்கினால் முதலில் குழந்தையைத் தொடுங்கள், அப்புறம் மெஷினைத் தொடுங்கள்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனால் அந்த வரியில் அவருடைய இத்தனை ஆண்டுகளும் இருக்கின்றன. ‘மனம் கனக்கிறது’ என்று எழுதும் பத்து வரிகளால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி பிரிவுபசார மடலில் ஏன் வர வேண்டும்? வார்டின் எழுத்து நெறிமுறையிலும் புதியவர்களுக்கான பயிற்சியிலும் அல்லவா அது இருக்க வேண்டும்? ஒருவர் போனால் அறிவும் கூடவே போய்விடும் என்றால் அந்த வார்டின் ஏற்பாட்டிலேயே கோளாறு. ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தேர்ந்த மடல் எதையும் முதல் முறையாகச் சொல்வதில்லை. ஒரு வார்மரின் புரோப் வயர் தளர்ந்திருந்தால், அது உபகரணப் பதிவேட்டில் ஏறிப் பழுதுபார்க்கும் பிரிவுக்குப் போன பிறகே மடலில் இடம்பெறும். எந்தப் பதிவேடு, இனி யார் பொறுப்பு என்ற விவரத்தோடு. நெறிமுறைத் தாள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும், ஆனால் இரவு மூன்று மணிக்குக் கை எதை நோக்கி முதலில் போக வேண்டும் என்ற அழுத்தத்தை அதனால் தர முடியாது. கூடவே வேலை பார்த்தவரின் குரலில் வரும்போதுதான் அது மனதில் நிற்கிறது.

நன்றி சொல்லும் பகுதியிலும் இதே அளவுகோல்தான். ‘துப்புரவுப் பணியாளர்கள் உட்பட அனைவருக்கும்’ என்ற தொடரில் அந்த ‘உட்பட’ என்ற சொல்லே அவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது. கை கழுவும் இடத்தில் சோப்பு தீரும் முன்பே நிரப்பி வைத்தவர், பால் பீய்ச்சித் தரும் அறையில் அழுதுகொண்டிருந்த தாய்மார்களிடம் உட்கார்ந்து பேசியவர் என்று செயலைச் சொல்லி நன்றி கூறும்போதுதான் பெறுகிறவருக்கு அது தன்னுடையது என்று தெரியும். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இந்தத் துல்லியத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். பெயர் எழுதாவிட்டாலும், பிறந்த எடை, தங்கிய நாட்கள், ஊர் மூன்றும் சேர்ந்தால் போதும், எந்தக் குழந்தை என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். மின்னஞ்சலோ எந்த நிமிடமும் வெளியே அனுப்பப்படக்கூடியது. நினைவில் நிற்கும் குழந்தையைப் பற்றி எழுதாமல், அந்தக் குழந்தை கற்றுக்கொடுத்த வேலையைப் பற்றி எழுதுவதே இங்கே கைத்திறன். சக ஊழியர்களுக்குப் புரியும், வெளியாருக்கு ஒன்றும் தெரியாது.

இந்த மடலில் எழுதக் கடினமான இடம், ஏன் படிக்கப் போகிறேன் என்பது. ‘அடுத்த கட்டத்துக்குச் செல்கிறேன்’ என்று எழுதினால், கட்டிலருகே நிற்கும் தோழிகள் கீழ்க்கட்டத்தில் இருப்பதாக ஆகிவிடும். வார்டே எழுப்பிய ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்கிறவர் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகிறார். குறைமாதக் குழந்தைக்கு முதலில் குழாய் வழியாகப் பால் போகிறது, பிறகு பாலாடைக்கு மாற்றுகிறார்கள். நம் வீடுகளில் பாட்டிமார் கையில் இருந்த அதே பாலாடைதான். குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தி, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து, கொஞ்சம் ஊற்றி, விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். கர்ப்பகாலக் கணக்கில் பொதுவாக 32 வாரத்தை ஒட்டி இதைத் தொடங்குவார்கள் என்றாலும், இந்தக் குழந்தை இன்றைக்குத் தயாரா என்பதை மூச்சையும் விழுங்குதலையும் விழிப்பையும் பார்த்துக் கட்டிலருகே இருப்பவர்தான் முதலில் உணர்கிறார். ஒரு செவிலியர் தயார் என்பார், அடுத்த ஷிப்ட்டில் வருபவர் இன்னும் இல்லை என்பார். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையே குழந்தைநலச் செவிலியத்தில் என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று விடைபெறுகிறவர் எழுதினால், படிப்பு வார்டை விட்டு விலகுவதாக இல்லாமல் வார்டின் வேலையாகவே ஆகிவிடுகிறது. கூட இருந்தவர்கள் அந்தக் கேள்விக்கு உரிமையாளர்களாகிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வாழ்த்துகளும் பூங்கொத்துப் படங்களும் அரை மணி நேரத்தில் அதை மேலே தள்ளிவிடும். இரவுப் பணி முடிந்து தூங்குகிறவர் எழும்போது அது நூறு செய்திகளுக்கு மேலே போயிருக்கும். மின்னஞ்சலை ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம். இப்படி ஒப்படைப்பாக எழுதினால் பாசம் வறண்டுபோகாதா என்று கேட்டால், யார் எதைக் கவனித்து வேலை பார்த்தார்கள் என்பதைத் தான் கவனித்திருந்ததற்கான சாட்சி அந்த மடல். பாசத்துக்கு வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

கடைசி வரியில் கைபேசி எண்ணைத் தந்து, ‘எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்’ என்று முடிப்பது வழக்கம். அன்பான வரிதான், ஆனால் நோயாளி விஷயத்தில் ஆபத்தானது. பணியிலிருந்து விடுபட்ட பிறகு எந்தக் குழந்தையின் இன்றைய நிலையும் அவருக்குத் தெரியாது, சொல்லும் யோசனைக்கு அவர் பொறுப்பேற்கவும் முடியாது. தேர்ந்தவர் இரண்டையும் பிரித்து எழுதுகிறார்: வார்டு சம்பந்தமான எதற்கும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள், என் பொறுப்பில் இருந்த பதிவேடுகள் அவரிடம் இருக்கின்றன, பாலாடை பற்றி யாருக்காவது ஏதாவது தோன்றினால் மட்டும் இந்த முகவரிக்கு எழுதுங்கள்.