திண்டிவனத்திலிருந்து 58 ஏஜென்சிகளுக்குப் போன ஒரு மெயில்

அக்கா பையன் திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறான். சென்னையில் இருக்கிற மார்க்கெட்டிங் ஏஜென்சிகளுக்கு மெயில் போட்டு மூன்று வாரம் ஆச்சு, ஒரு பதில்கூட இல்லை. போன ஞாயிறு விழுப்புரம் வந்தப்ப, "மாமா, இதுல என்ன தப்புன்னு பாருங்க"ன்னு போனை நீட்டினான்.

58 முகவரியையும் பிசிசியில் போட்டு, டியர் சார்/மேடம் என்று ஒரே மெயில். முதல் மூன்று பத்தியும் அவனைப் பற்றி: ஆர்வம், படித்த கோர்ஸ், தெரிந்த சாஃப்ட்வேர். போர்ட்ஃபோலியோ லிங்க் கடைசி வரியில், கையெழுத்துக்கும் கீழே.

அந்த லிங்க்கை என் போனில் திறந்தேன். `You need access` என்று வந்தது. கூகுள் டிரைவ் ஃபோல்டரை `Restricted` ஆகவே விட்டிருக்கிறான். அவன் போனில் அவன் கணக்கே லாகின் ஆகியிருப்பதால் அவனுக்கு மட்டும் ஒழுங்காகத் திறக்கும். `Anyone with the link` என்று மாற்றிவிட்டு இன்காக்னிடோவில் ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாராவது அனுமதி கேட்டிருந்தால் இவனுக்கு மெயில் வந்திருக்கும். ஒருத்தரும் கேட்கலை.

லிங்க்கைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனேன். முதலில் 40 லோகோ, எல்லாம் கற்பனைக் கம்பெனிகளுக்கு. அதற்கும் கீழே, உள்ளூர் நகைக்கடை ஒன்றுக்குச் செய்த தமிழ் விளம்பரங்கள். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழ் தெரியாதவர்கள் டிசைன் செய்யும்போது அடிக்கடி நடக்கிற விபத்து ஒன்று உண்டு. மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு போடாமல் யூனிகோடு தமிழை ஒட்டினால், "கெ"யின் கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். இன்டிசைனில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பழைய பாமினி எழுத்துருவில் வந்த வாசகம் என்றால் அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். இவனுக்கு இரண்டும் தெரியும். வரி உடைக்கும்போது "தங்கநகை"யை "தங்கந / கை" என்று வெட்டாத கண்ணும் இருக்கிறது.

தமிழில் விளம்பரம் விடுகிற ஏஜென்சிக்கு இதுதான் தலைவலி. மெயிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! கேட்டால், "அது எல்லாருக்கும் தெரியுமே மாமா" என்கிறான்.

மெயிலை இப்படி மாற்றினோம். முதல் வரியில், அந்த ஏஜென்சி வெளியிட்ட ஒரு தமிழ் விளம்பரத்தின் பெயர். அடுத்து: "உங்கள் ஆங்கில டிசைனை எழுத்து உடையாமல் தமிழில் செய்து தருகிறேன், மூன்று மாதிரிகள் இங்கே." உடனே லிங்க். ஃபோல்டரில் அந்த மூன்று மட்டும். விளம்பரத்தில் தப்பு இருந்தாலும் அதை மெயிலில் சுட்டிக்காட்டாதே என்று சொன்னேன். படிப்பவரே அதைச் செய்தவராக இருக்கலாம்.

இந்த முறை ஆறு பேருக்கு, தனித்தனியாக. ஒருத்தர் மறுநாளே ரேட் என்னன்னு கேட்டிருக்கார். ரேட்டைப் பற்றி நாங்க ரெண்டு பேருமே யோசிக்கலைங்கிறது அப்பதான் உறைச்சுது.