நட்சத்திரம் பாதி வேலைதான்

வட்டமாக நிற்கும் போல்ட்டுகளை வரிசையாக முறுக்கக் கூடாது, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும் என்பது எந்த ஃபிட்டருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கப்படும் பாடம். சரியான பாடம். ஆனால் இந்த முறையில் முறுக்கி முடித்தால் எல்லா போல்ட்டிலும் ஒரே அளவு இறுக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் பாடத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த நம்பிக்கை தவறு. சரியாக ஸ்டார் போட்ட பிறகும் சில பிளாஞ்சுகள் கசிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு பிளாஞ்சை எடுத்துக்கொள்வோம். 6 அங்குலக் குழாய், 150 கிளாஸ், முக்கால் அங்குல ஸ்டட் எட்டு, நடுவே ஸ்பைரல் வவுண்ட் கேஸ்கெட். கடிகாரச் சுற்றில் 1 முதல் 8 வரை சாக்பீஸால் எண் போட்டாகிவிட்டது. முறுக்க வேண்டிய அளவு 200 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார் வரிசை 1, 5, 3, 7, பிறகு 2, 6, 4, 8. அதுவும் ஒரே மூச்சில் 200 அல்ல. முதல் நடையில் 60, அடுத்து 120, அதற்கடுத்து 200. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2000இல் வெளியிட்ட பி.சி.சி-1 வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: முதலில் 20 முதல் 30 சதவீதம், பிறகு 50 முதல் 70, கடைசியில் முழு அளவு.

முதல் இரண்டு நடைகளில்தான் இந்த முறையின் அருமை தெரியும். 1இல் தொடங்கி 2, 3 என்று பக்கத்துப் பக்கத்து போல்ட்டாக முறுக்கினால் பிளாஞ்ச் அந்தப் பக்கம் சாய்ந்து கேஸ்கெட்டைக் கடித்துவிடும். ஸ்பைரல் கேஸ்கெட் ஒரு முறை நசுங்கினால் பழைய தடிமனுக்கு முழுதாக மீளாது. எதிர்ப்பக்கத்தைப் பிறகு எவ்வளவு இழுத்தாலும் முதலில் நசுங்கிய இடம் நசுங்கியதுதான். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் இரண்டு முகங்களும் இணையாக நெருங்கி வரும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் இடைவெளியை நான்கு இடங்களில் வெர்னியரால் அளந்து பார்ப்பவருக்குச் சாய்வு உடனே தெரிந்துவிடும். இந்த வேலையில் ஸ்டார் முறைக்கு ஈடில்லை.

சிக்கல் மூன்றாம் நடையில். 1, 5, 3, 7 நான்கையும் 200க்கு முறுக்கியாகிவிட்டது. டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்றது, உண்மையாகவே அந்த இறுக்கம் வந்தது. இப்போது 2ஐ முறுக்குகிறோம். அந்த இடத்தில் கேஸ்கெட் இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது, பிளாஞ்ச் கொஞ்சம் இறங்குகிறது. பக்கத்தில் நிற்கும் 1க்கும் 3க்கும் நட்டு நகரவில்லை, ஆனால் அவை பிடித்திருந்த தடிமன் குறைந்துவிட்டது. இழுபட்டிருந்த ஸ்டட் அந்த அளவுக்குச் சுருங்கி, இறுக்கத்தை இழக்கிறது. கயிற்றுக் கட்டிலில் ஓர் இழையை இழுத்துக் கட்டினால், முன்பே கட்டிய பக்கத்து இழை தொய்யுமே, அதே கதைதான். பொறியாளர்கள் இதை எலாஸ்டிக் இன்டராக்‌ஷன் என்பார்கள்.

வரிசையை மறுபடி பாருங்கள். 1, 3, 5, 7 ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கத்து போல்ட்டுகளும் பின்னால்தான் முறுக்கப்படுகின்றன. 2, 4, 6, 8க்கு அப்படியில்லை. அவற்றின் முறை வரும்போது இரண்டு பக்கமும் ஏற்கனவே முறுக்கப்பட்டிருக்கும். ஆக, ஒழுங்காக, ஒரு பிழையும் இல்லாமல் ஸ்டார் போட்டு முடித்த பிளாஞ்சில் ஒன்று விட்டு ஒன்று தளர்வும் இறுக்கமுமாக நிற்கும். வேலையாளின் அலட்சியத்தால் வந்த ஏற்றத்தாழ்வு அல்ல இது. அந்த வரிசையே உண்டாக்குவது.

இதை நிரூபிக்க வேறு கருவி எதுவும் வேண்டாம். மூன்றாம் நடை முடிந்ததும் அதே 200இல் ரெஞ்சை வைத்து 1, 2, 3, 4 என்று வட்டமாக ஒரு சுற்று வாருங்கள். ஒற்றைப்படை நட்டுகள் 'க்ளிக்' வருவதற்கு முன் நகரும். இரட்டைப்படையில் பெரும்பாலும் கை வைத்ததுமே 'க்ளிக்'. அடுத்த சுற்றில் இரட்டைப்படையும் சற்று நகரும், ஏனென்றால் இப்போது தளர்ந்தது அவை. எந்த நட்டும் நகராத சுற்று வரும்வரை சுற்ற வேண்டும். பி.சி.சி-1 கேட்பதும் இதைத்தான். கேஸ்கெட் படிந்து தளர்வதை ஈடுகட்ட, குறைந்தது 4 மணி நேரம் விட்டு, லைனில் அழுத்தம் ஏற்றும் முன் இன்னொரு வட்டச் சுற்றும் நல்லது என்கிறது அது. முகங்கள் இணையாக வந்தபின் வட்டமாகச் சுற்றுவதில் சாய்வு பயம் இல்லை. ஷட்டவுன் நேரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்தச் சுற்றுதான். "ஸ்டார் போட்டாச்சு சார்" என்றால் கையெழுத்து கிடைத்துவிடுகிறது.

இன்னொரு குறையை வரிசையின் தலையில் போட முடியாது, ஆனால் வரிசை அதை மறைக்கிறது. ரெஞ்ச் அளப்பது முறுக்கை, இறுக்கத்தை அல்ல. முறுக்கில் பெரும்பகுதியை மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வு தின்றுவிட, பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஸ்டட்டை இழுக்கிறது. நமது முக்கால் அங்குல ஸ்டட்டுக்கு நல்ல கிரீஸ் தடவி 200 கொடுத்தால் ஏறக்குறைய 7 டன் இறுக்கம் வரும். உலர்ந்த ஸ்டட்டில் 5 டன்னைக் கொஞ்சம் தாண்டும். துருப்பிடித்த பழைய ஸ்டட்டாக இருந்தால் 3.5 டன்னோடு நின்றுவிடலாம். எட்டில் மூன்று பழையது, ஐந்து புதியது என்று கலந்து போட்ட பிளாஞ்சை எந்த வரிசையும் சமன் செய்யாது. 'க்ளிக்' மட்டும் எட்டிலும் ஒரே மாதிரி கேட்கும்! நேர்கோட்டில் நிற்காத குழாயைப் போல்ட்டாலேயே இழுத்துச் சேர்ப்பதும் இந்த ரகம்தான். குழாயை இழுப்பதில் செலவான இறுக்கம் கேஸ்கெட்டுக்குப் போய்ச் சேராது.

போல்ட் எண்ணிக்கை கூடும்போது ஸ்டார் முறையின் விலையும் கூடுகிறது. 20 போல்ட் பிளாஞ்சில் மூன்று ஸ்டார் நடை என்றால் 60 முறை ரெஞ்ச் வைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும். சாரத்தின் மேல் நின்று செய்பவர் 40க்கு மேல் எண்ணிக்கையை விடுவது இயல்பு. ஜப்பானியர்கள் இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். 2008இல் வந்த ஜே.ஐ.எஸ். பி 2251 தரநிலையில், சம இடைவெளியில் உள்ள 4 அல்லது 8 போல்ட்டை மட்டும் எதிரெதிராகப் படிப்படியாக ஏற்றி முகங்களை இணையாக்குகிறார்கள். அதன் பிறகு எல்லாவற்றையும் முழு அளவில் வட்டமாகப் பல சுற்று. நட்சத்திரத்துக்கு அதன் வேலை, வட்டத்துக்கு அதன் வேலை. எனக்கு இந்தப் பிரிவினைதான் அறிவுடையதாகப் படுகிறது. பி.சி.சி-1இன் பிற்காலப் பதிப்புகளும் இதுபோன்ற மாற்று முறைகளுக்கு இடம் கொடுத்திருக்கின்றன.

கார் சக்கரத்தில் நிலைமை வேறு. அங்கே கேஸ்கெட் கிடையாது. இரும்போடு இரும்போ அலுமினியமோ நேராக உட்காருகிறது. பக்கத்து நட்டை முறுக்கும்போது அமுங்க அதிகம் ஒன்றுமில்லை. கூம்பு நட்டுகள் சக்கரத்தை நடுவில் உட்கார வைப்பதற்கு எதிரெதிர் வரிசை போதும், மிச்சத்தை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை சரிபார்ப்பது பார்த்துக்கொள்ளும். அங்கே கெடுப்பது வரிசை அல்ல, ஏர் கன். அளவே இல்லாமல் அடித்துவிட்டு ஸ்டார் வரிசையில் அடித்தேன் என்பதில் பொருளில்லை.

பிளாஞ்ச் வேலைக்கு அட்டை எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஸ்டார் முறையில் 200' என்பதோடு நிறுத்தாதீர்கள். அதன் கீழே 'எந்த நட்டும் நகராத நிலை வரும்வரை வட்டச் சுற்று' என்று ஒரு வரியும், எத்தனை சுற்று ஆனது என்று நிரப்ப ஒரு கட்டமும் சேருங்கள்.