மூன்று வட்டங்களில் அடங்கும் கணக்கு

இதுவரை வந்த ஒன்றுகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபடுகிறதா? இதைச் சொல்லும் இயந்திரத்தை வரைய மூன்று வட்டங்கள் போதும்: S0, S1, S2. பெயரிலுள்ள எண்தான் மீதி. 1 வந்தால் அடுத்த வட்டத்துக்குப் போக வேண்டும். S2-இலிருந்து S0-வுக்குத் திரும்ப வேண்டும். 0 வந்தால், புறப்பட்ட வட்டத்துக்கே வளைந்து திரும்பும் அம்பு.

101101 என்று அனுப்பிப் பாருங்கள். S0-இல் தொடங்கி S1, S1, S2, S0, S0, S1 என்று போய் நிற்கும். மீதி ஒன்று, வகுபடவில்லை.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது S0-வைச் சுற்றிய இரட்டைக் கோடு. 'ஆம்' என்று சொல்லும் நிலை அது. தொடக்க அம்பு வந்து தொடுவதும் அதைத்தான். எதுவுமே வராதபோதும் பதில் 'ஆம்', ஏனென்றால் பூஜ்யமும் மூன்றால் வகுபடும். கோடி ஒன்றுகள் வந்தாலும் நான்காவது வட்டம் வேண்டாம். மொத்தத்தை மறந்துவிட்டு மீதியை மட்டுமே இயந்திரம் வைத்துக்கொள்கிறது.

சர்க்யூட்டாகக் கட்டினால் இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப் வேண்டும். 00, 01, 10 மூன்றும் வட்டங்களுக்குப் போக, 11 மிஞ்சும். மின்சாரம் வந்ததும் சர்க்யூட் அதில் விழுந்து மாட்டிக்கொள்ளலாம். ரீசெட் கொடுத்து 00-இல் தொடங்க வைத்து, 11-இலிருந்து 00-க்கும் ஓர் அம்பு வரைந்துவிட்டால் அந்தப் பொறி அடைபடும்.