நாள் கணக்கும் மீட்டர் கணக்கும்

தூத்துக்குடியில் வீடு கைமாறும்போது தரகர்கள் இப்போதெல்லாம் கிரயப் பத்திரத்தோடு ஒரு கணக்குத் தாளையும் நீட்டுகிறார்கள். வீட்டு வரி, கரண்ட் பில், பராமரிப்புத் தொகை மூன்றையும் சாவி கொடுக்கும் தேதியில் வெட்டி, விற்றவருக்கு இத்தனை நாள், வாங்கியவருக்கு இத்தனை நாள் என்று பிரித்த தாள். நியாயமான ஏற்பாடு என்று மெச்சுகிறார்கள்.

வீட்டு வரியில் அது சரிதான். கிரயத் தேதி வரையிலான வரி விற்பவர் பொறுப்பு, பிறகு வருவது வாங்குபவர் பொறுப்பு என்பது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவிலேயே உண்டு. மாநகராட்சி வரி அரையாண்டு வரி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 183 நாள். 3,660 ரூபாய் வரி என்றால் நாளுக்கு 20. விற்றவர் முழுதும் கட்டிவிட்டு ஜூன் 15-இல் சாவியைக் கொடுத்தால், மீதி 108 நாளுக்கு 2,160 ரூபாயை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். ஏப்ரலிலேயே கட்டி 5 சதவீதத் தள்ளுபடி பெற்றிருந்தால் நாளுக்கு 19. அவ்வளவுதான். மாதச் சந்தா பராமரிப்புக்கும் இதே கணக்கு ஓடும்.

கரண்டுக்கு ஓடாது. வரி நாளோடு ஏறுவது; கரண்ட் யூனிட்டோடு ஏறுவது, அதுவும் படிப்படியாக. பிரையன்ட் நகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மே 26-இல் ரீடிங் எடுத்தார்கள். விற்றவர் பூட்டி வைத்திருந்த 20 நாளில் 40 யூனிட். ஜூன் 15-இல் குடிவந்தவர் இரண்டு ஏ.சி. போட்டு 40 நாளில் 480 யூனிட். மொத்தம் 520. 2022 செப்டம்பர் கட்டணப்படி பில் 2,110 ரூபாய். (விகிதம் பிறகு ஏறியது, படிகள் மாறவில்லை.) நாள் கணக்கில் விற்றவர் பங்கு மூன்றில் ஒன்று, 703 ரூபாய். அவர் மட்டும் இருந்திருந்தால் ஒரு பைசா வந்திருக்காது. முதல் 100 யூனிட் இலவசம். பூட்டிய வீட்டுக்கு 703 ரூபாய் வாங்குவதற்குப் பெயர் பங்கீடா?

மறுபக்கமும் இருக்கிறது. புதியவர் மட்டும் 480 யூனிட் எரித்திருந்தால் 1,605 ரூபாய்தான். பழையவரின் 40 யூனிட்தான் பில்லை 500-க்கு மேல் தள்ளி, இன்னொரு அட்டவணைக்குள் கொண்டுபோய், 505 ரூபாயைக் கூட்டியது. அந்த 505-ஐ யார் ஏற்பது என்று இருவரும் பேசித் தீர்க்கலாம். ஆனால் பேசுவதற்கு 40, 480 என்ற இரண்டு எண்களும் கையில் வேண்டும். நாள்களை மட்டும் எண்ணும் தாளில் அவை கிடையாது.

சில நூறு ரூபாய்க்கு இத்தனை பேச்சா என்பார்கள். சில நூறு ரூபாய்தான் என்றால் தாளே எதற்கு? சுவாதீனம் கொடுக்கும் நாளில் இருவரும் மீட்டர் முன் நின்று, ரீடிங்கைப் படம் எடுத்து, எண்ணை அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்திட இரண்டு நிமிடம் போதும். தரகர் அதைச் செய்யச் சொல்வதில்லை. காலண்டர் அவர் மேசையிலேயே இருக்கிறது, மீட்டரைப் பார்க்க எழுந்து போக வேண்டும்.