கொள்ளும் கொல்லும் ஒன்றா?

உத்திரமேரூர் பக்கம் மானாவாரியாகக் கொள்ளு விளைவித்த ஒருவர், "kollu ready, yaarukku venum" என்று செல்போனில் தட்டிப் பதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் யாருக்கும் குழப்பம் வராது. ஆனால் ஆங்கில எழுத்துக்கு மாறியதும் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடுகின்றன. தானியமும் kollu, 'கொல்லு' என்ற ஏவலும் kollu. புளியும் புலியும் puli. "marana mass" என்று நாம் பாராட்டினால், அதிலும் மரணம் இருக்கிறது.

பதிவுகளைச் சலிக்கும் தானியங்கி, சொல்லையும் அதன் அக்கம்பக்கத்தையும் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறது. பக்கத்தில் நிற்பவையும் ஆங்கில எழுத்துத் தமிழாக இருந்தால் அதற்குப் பிடிமானம் குறைவு. பழகிய பாடமும் குறைவுதான். இந்தக் கலப்புத் தமிழுக்காக 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட முக்கியமான தொகுப்பில் இருந்தவை 15,744 யூடியூப் கருத்துகள். அவையும் உணர்வைக் கணிக்கத் தொகுக்கப்பட்டவை. கொள்ளு வியாபாரத்துக்கு அல்ல.

இருந்தும் தானியங்கியே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. நள்ளிரவில் ஒரு பெண்ணின் பக்கத்தில் சாதி வசை நூற்றுக்கணக்கில் கொட்டும்போது, மனிதர் படித்து முடிக்கும்வரை அவள் காத்திருக்கக் கூடாது. தற்காலிகமாக மறைக்கும் வேலையை இயந்திரத்திடம் விடலாம். நிரந்தரமாக நீக்குவதையும் கணக்கை முடக்குவதையும் தமிழ் படித்த ஒருவர் பார்க்காமல் செய்யவே கூடாது. 2020 அக்டோபரில் பிரேசிலில் மார்பகப் புற்றுநோய் அறிகுறிகளை விளக்கிய இன்ஸ்டாகிராம் பதிவை இயந்திரம் ஆபாசம் என்று நீக்கியது. படத்தின் மேலேயே போர்த்துக்கீசிய மொழியில் நோயின் பெயர் இருந்தது; அதை அது கண்டுகொள்ளவில்லை. மெட்டாவின் மேற்பார்வை வாரியம் வழக்கைக் கையில் எடுத்த பிறகே பதிவு மீண்டது. இப்படி நீக்கப்பட்டவர்கள் மனிதரிடம் முறையிட வழி வேண்டும் என்று வாரியம் 2021இல் பரிந்துரைத்தது.

உங்கள் பதிவு போய்விட்டால் அதையே திரும்பப் போடாதீர்கள். அது இரண்டாவது மீறலாகக் கணக்காகலாம். நீக்கியதாக வந்த அறிவிப்பைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செயலியிலேயே மறுபரிசீலனை கேளுங்கள். அங்கே பெரும்பாலும் காரணத்தைத் தேர்ந்தெடுக்க மட்டுமே இடம் இருக்கும். விளக்கம் எழுத முடியாது. ஆகவே அடுத்து அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். நீக்கப்பட்ட வரியை அப்படியே கொடுத்து, கீழே தமிழ் எழுத்தில் "கொள்ளு தயார், யாருக்கு வேணும்" என்று எழுதி, கொள்ளு ஒரு தானியம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். மூட்டையின் படம் இருந்தால் சேருங்கள். கருத்துச் சுதந்திரம் பற்றி நீண்ட முறையீடு எழுதுவதைவிட இந்த ஒரு வாக்கியம் வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி புகார் வந்ததை அலுவலர் 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் முடிவு சரியில்லை என்றால் ஒன்றிய அரசின் மேல்முறையீட்டுக் குழுவிடம் gac.gov.in தளத்தில் முறையிடலாம், கட்டணம் இல்லை. அதற்குரிய 30 நாள் கெடு, அலுவலரின் பதில் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது.