பல்கலைக்கழகத்தின் பெயர் எதைச் சொல்கிறது?

கல்முனையில் ஒரு மொத்த வியாபார நிறுவனம் கணக்கு உதவியாளர் ஒருவரைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது சுயவிபரக் கோவைகள் வந்திருக்கின்றன. நேர்முகப் பரீட்சைக்கு எட்டுப் பேரைத்தான் அழைக்க முடியும். முகாமையாளரின் கண் முதலில் பல்கலைக்கழகத்தின் பெயரில் விழும், அடுத்து முன்பு வேலை பார்த்த இடத்தின் பெயரில். கொழும்பும் ஜயவர்தனபுரவும் மேலே போகும். ஒலுவில் நடுவில் கிடக்கும். சம்மாந்துறை உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் டிப்ளோமாக்காரர் அடியில் போய்விடுவார். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பேர் தேறிவிடுவார்கள்.

இந்த வழக்கத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. பெயரில் தகவல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எதைப் பற்றிய தகவல் என்று பார்க்க வேண்டும். இலங்கையில் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்பதை உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும், மாணவர் எழுதிக்கொடுத்த விருப்ப ஒழுங்கும், அவருடைய மாவட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. எனவே ஒரே மாவட்டத்து இருவரை ஒப்பிட்டால், வெட்டுப்புள்ளி கூடிய இடத்துக்குப் போனவர் அந்தப் பரீட்சையைக் கொஞ்சம் நன்றாகச் செய்தார் என்று சொல்லலாம். வெவ்வேறு மாவட்டத்தவர் என்றால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. எப்படியானாலும் அது பத்தொன்பது வயதில் எழுதிய பரீட்சையின் செய்தி. இருபத்தேழு வயதில் ஒருவர் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைப் பிழையில்லாமல் தயாரிப்பாரா என்ற கேள்விக்கு அதில் மிகச் சிறிய பதில்தான் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பெற்றோர் சொன்னதால் ஒலுவிலை முதல் விருப்பமாக எழுதிய பெண்ணின் இசட் புள்ளி எவ்வளவு என்பது கோவையில் வருவதே இல்லை.

ஒலுவிலின் பெயர் கொழும்பில் கொஞ்சம் தாழ்வாகவே ஒலிக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போர்க்காலத்தில், 1995இல், பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமானது. அதன் பழைய மாணவர்கள் நிறுவனங்களின் மேல்நிலைக்கு வரத் தொடங்கி அதிக காலமாகவில்லை. கொழும்பின் பழைய பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இருக்கும் மதிப்பில் ஒரு பங்கு, தெரிவு செய்யும் கதிரையில் அவற்றின் பிள்ளைகளே இருப்பதால் வருவது. கல்முனைக்காரர் கொழும்பிலே இதனால் பின்தள்ளப்படும்போது நமக்கு வலிக்கிறது. அதே அளவுகோலை நம் ஊரில், நம் பிள்ளைகள் மேல் நாமே வைப்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

வேலை பார்த்த இடத்தின் பெயர் இதைவிட ஏமாற்றும். பெரிய வங்கியில் மூன்று வருடம் இருந்தவர் ஒரேயொரு வகை வவுச்சரை மட்டும் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். கல்முனை பஸாரில் ஒரு இரும்புக்கடையில் இருந்தவர் கொள்வனவுப் பட்டியல், கடன் வசூல், சம்பளம், பெறுமதி சேர் வரி எல்லாவற்றையும் தனியாகப் பார்த்திருக்கலாம். கத்தாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் திரும்பியவர்களின் கோவைகளில் நமக்குப் பழக்கமில்லாத நிறுவனப் பெயர்கள் நிறைய வரும். பெயர் தெரியாததால் அந்த அனுபவத்தையே கழித்துவிடுகிறோம். வருடங்களை எண்ணுவதும் பெரிதாக உதவாது. பணியாளர் தெரிவு பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2022இல் சாக்கெட் குழுவினர் வெளியிட்ட மீளாய்வில், அனுபவ ஆண்டுகளுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ 0.07தான். முன்கூட்டியே கேள்விகளை வகுத்து எல்லோரிடமும் ஒரேமாதிரி நடத்தும் நேர்முகப் பரீட்சைக்கு அது 0.42. வேலையின் ஒரு துண்டைச் செய்யக் கொடுத்துப் பார்ப்பதற்கு 0.33.

இதை வைத்துப் பார்த்தால், கோவைகளைத் திறக்க முன்னரே இந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மூன்று விடயங்களை எழுதிவைப்பதுதான் முதற்படி. வங்கிக் கணக்கிணக்கம், சம்பளப் பட்டியல், வரிப் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒருவருடைய கோவையை முழுதாக வாசித்து முடிக்காமல், அறுபது கோவைகளிலும் முதலாவது விடயத்துக்கு மட்டும் புள்ளியிட்டு, அதன்பின் இரண்டாவதுக்குப் போவது நல்லது. முழுதாக வாசித்தால் மேலே கண்ட பெயரின் ஒளி கீழேயுள்ள எல்லா வரியிலும் விழுந்துவிடும். “சம்பள வேலைகளில் ஈடுபட்டேன்” என்ற வரிக்குப் புள்ளி இல்லை. “25 பேரின் சம்பளப் பட்டியலை மாதந்தோறும் தயாரித்தேன்” என்பதற்கு உண்டு.

இங்கேதான் இந்த முறையின் முதல் பலவீனமும் இருக்கிறது. பெயரைக் கூட்டிச் சொல்ல முடியாது. செய்த வேலையைக் கூட்டிச் சொல்லலாம். எண்களோடு எழுதினால் எடுபடும் என்று தெரிந்ததும் எல்லாக் கோவைகளிலும் எண்கள் முளைக்கும். ஆகவே தேறும் இருபது பேரிடம் ஒரு சிறு கணக்கைக் கேட்டுவிட வேண்டும். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய், வேறு கொடுப்பனவு ஏதுமில்லை. சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கழித்து ஊழியர் கைக்கு எவ்வளவு, நிறுவனத்துக்கு மேலதிகமாக எவ்வளவு? உண்மையில் சம்பளம் போட்டவர் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதமான 4,800 ரூபாயை மட்டும் கழித்து 55,200 என்பார். நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம் சேமலாப நிதிக்கு 7,200, நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமாக 1,800, மொத்தம் 9,000. நம்பிக்கை நிதியையும் ஊழியரிடமே கழிப்பவர் அந்தப் பட்டியலைத் தன் கையால் போட்டவர் அல்ல. தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனை இது. ஒரு நாள் முழுக்கச் சம்பளமில்லாத வேலையைச் செய்விப்பது சோதனையாகாது, சுரண்டல்.

பெயர்களை மறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற யோசனையும் உண்டு. பிரான்சில் பெயரும் முகவரியும் மறைத்த கோவைகளை வைத்துப் பெரிய அளவில் பரிசோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் பங்குபற்றிய நிறுவனங்களில், குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் அழைக்கப்படுவது குறைந்தது. அவர்களின் பின்னணி தெரிந்திருந்தபோது சில குறைகளுக்கு இடம் கொடுத்தவர்கள், அது தெரியாதபோது வெறும் குறையாகவே கண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் சொன்ன ஒரு விளக்கம். நமக்கும் இது பொருந்தும். 2020இலிருந்து 2022 வரை கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் பட்டம் முடிவதை இழுத்தடித்தன. அந்த ஆண்டுகளை அறியாமல் ஒரு கோவையைப் பார்த்தால் சோம்பேறியின் கோவையாகத் தெரியும். ஆகவே நிறுவனப் பெயரை முதல் வாசிப்பில் மூடிவைத்து, புள்ளியிட்ட பிறகு திறப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. புள்ளி சமமாக வரும் இடத்தில் அது ஒரு சிறு எடையாக இருக்கலாம்.

ஆனால் கல்முனையில் பல்கலைக்கழகத்தின் பெயரை மூடினாலும் வேறொன்று திறந்தே கிடக்கும். நம் கோவைகளில் தந்தையின் பெயர், மதம், விலாசம், திருமண நிலை எல்லாம் எழுதுவது வழக்கம். மருதமுனையா, சாய்ந்தமருதா, பாண்டிருப்பா என்ற ஒரு வரியே குடும்பத்தையும் சமூகத்தையும் காட்டிவிடும். பட்டம் தந்த இடத்தை ஒதுக்கிவிட்டு இந்த வரியை விட்டுவைத்தால், ஒலுவில் பட்டதாரிக்குப் பதிலாக முகாமையாளருக்குத் தெரிந்தவரின் மகன்தான் மேலே வருவார். கணக்கு உதவியாளர் வேலைக்கு இந்த விபரங்களில் ஒன்றும் தேவையில்லை. விளம்பரத்திலேயே “இவற்றை எழுத வேண்டாம்” என்று போடலாம். விலாசத்தை வேலை உறுதியான பிறகு கேட்டால் போதும்.